எண் போனது, சந்தா போகவில்லை

நம் ஊரில் ஓடும் வீடியோ ஆப்கள் பலவற்றில் பாஸ்வேர்டு என்ற ஒன்றே கிடையாது. மொபைல் எண்ணைப் போட்டால் ஓடிபி வரும், அதைப் போட்டால் உள்ளே போகலாம். எண் கையில் இருக்கும்வரை இதைவிட வசதி வேறில்லை. எண் போய்விட்டால் கணக்குக்குள் நுழைய வழியில்லை, ஆனால் காசு மட்டும் மாதாமாதம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஏற்காட்டில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு இதுதான் நடந்தது. அதை நிறுத்துவதற்குள் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுபவன். பேங்க் ஸ்டேட்மென்ட் படிப்பதுதான் பிழைப்பு. சித்தப்பாவுக்கு டெபாசிட் வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க 15எச் படிவம் கொடுக்க வேண்டியிருந்தது. வட்டி எவ்வளவு என்று பார்க்க அவருடைய ஸ்டேட்மென்டைத் திறந்தபோது, ஒரே தேதியில் மாதம் தவறாமல் ரூ. 299 போயிருந்தது.

"இது என்னங்க சித்தப்பா?"

"அது டிவிக்குப் போறது கண்ணு. தம்பி போட்டு வெச்சுட்டுப் போனான். நாங்க எங்க பாக்குறோம், உங்க சித்தி நியூஸ் பாக்குறதோட சரி."

தம்பி, அதாவது அவர் மகன், கனடா போவதற்கு முன்னால் வீட்டு டிவியில் இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். கணக்குத் திறந்தது அவனுடைய எண்ணில். ஈமெயில் அவன் அப்போது வேலை பார்த்த கம்பெனி கொடுத்தது. பணம் கட்டியது சித்தப்பாவின் டெபிட் கார்டில். அவன் போன பிறகு அந்த எண்ணுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. கம்பெனியை விட்டதும் அந்த மெயிலும் மூடப்பட்டது. ஆக, இரண்டு சாவியும் இல்லை, மிச்சம் இருப்பது கார்டு மட்டும்தான்.

எண்ணைத் திரும்ப வாங்க முடியுமா என்றுதான் எல்லாரும் முதலில் யோசிப்போம். அது எண் எப்படிப் போனது என்பதைப் பொறுத்தது. போன் தொலைந்தோ சிம் உடைந்தோ போயிருந்தால் கவலையே வேண்டாம். யார் பெயரில் சிம் இருக்கிறதோ அவரே அடையாள அட்டையுடன் கம்பெனி ஷோரூமுக்குப் போனால் அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் கொடுத்துவிடுவார்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: சிம் மாற்றியதும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. அன்றைக்கே ஓடிபி வரவில்லையே என்று பதறத் தேவையில்லை.

ரீசார்ஜ் இல்லாமல் அடங்கிப்போன எண் என்றால் கதை வேறு. பிரீபெய்டு எண் 90 நாள் எதற்கும் பயன்படாமல் கிடந்தால் கம்பெனி அதை நிறுத்தலாம். பேலன்ஸில் 20 ரூபாயாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் உயிரோடு வைத்திருப்பார்கள். நிறுத்திய எண்ணை உடனே வேறொருவருக்குத் தரக் கூடாது, 90 நாள் ஆற வைக்க வேண்டும். அதனால் எண் நின்று சில வாரங்கள்தான் ஆகியிருக்கிறது என்றால் ஷோரூமில் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது வீண் போகாது. அந்தக் காலமும் தாண்டிவிட்டால் எண் இன்னொருவர் கைக்குப் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

தம்பியின் எண் அப்படித்தான் போயிருந்தது. எப்படித் தெரிந்தது என்பது தனிக் கூத்து. டிவியில் அந்த ஆப்பைத் திறந்து பார்த்தால் தம்பி பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெயர். பாதி பார்த்து நிறுத்திய படங்கள் வரிசையாகக் கிடந்தன, பேய்ப் படமும் தெலுங்கு டப்பிங்குமாக. சித்தி வெகுநாளாக அதைப் பார்த்திருக்கிறார். கனடாவில் பேரன் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டாராம். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டால், அவன் அந்த ஆப்பைத் திறந்தே காலம் ஆகிறது என்கிறான்.

பழைய எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு இளைஞர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "அண்ணா, புது சிம் போட்டு ஆப் டவுன்லோட் பண்ணேன், பிளான் ஆக்டிவ்னு காட்டுச்சு. சிம்மோட ஃப்ரீயா குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. எண்தான் கணக்கு என்று ஆப் வைத்திருக்கும்போது, எண் யாரிடம் போகிறதோ கணக்கும் அவரிடம் போகிறது. அவர் தன் எண்ணைப் போட்டார், தன் ஓடிபியைப் போட்டார், நேராக எங்கள் சந்தாவுக்குள் வந்து இறங்கிவிட்டார்.

அவரிடம் ஓடிபி கேட்டு வாங்கி உள்ளே போய் ரத்து செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று எங்கள் வீட்டில் ஒரு யோசனை ஓடியது. ஓடிபி என்ற சொல்லை எடுத்ததுமே அவர் போனை வைத்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. முன்பின் தெரியாதவன் போன் செய்து ஓடிபி சொல்லு என்றால் நானும் அதைத்தான் செய்வேன். கேட்டே ஆக வேண்டும் என்றால், "உங்கள் போனில் நீங்களே கணக்குப் பக்கத்துக்குப் போய் பிளானை ரத்து செய்துவிடுங்கள்" என்று கேட்கலாம், அதற்கு ஓடிபி கைமாற வேண்டியதில்லை. அதைச் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

ஈமெயில் பக்கம் இதைவிடச் சீக்கிரம் முடிந்தது. கம்பெனி மெயில் கம்பெனியின் சொத்து, வேலையை விட்டவருக்குத் திறந்துவிட மாட்டார்கள். போன வாரம்தான் வேலையை விட்டோம் என்றால் அங்கே உள்ள ஐடி ஆட்களிடம் கேட்டு, வரும் ஒரு மெயிலை மட்டும் அனுப்பித் தரச் சொல்லலாம். தம்பிக்கு அந்தக் கட்டமெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. சொந்த ஜிமெயிலாக இருந்து பாஸ்வேர்டு மட்டும் மறந்திருந்தால், முன்பு அதைத் திறந்த அதே போனிலோ கம்ப்யூட்டரிலோ, அதே வீட்டு வைஃபையிலிருந்து மீட்க முயல வேண்டும். புது இடத்திலிருந்து முயன்றால் கூகுள் நம்புவது கடினம். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம் என்பதும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

டிவியில் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதே, அங்கேயே ரத்து செய்யலாமே என்று கேட்கலாம். டிவி ஆப்பில் பிளானைப் பார்க்கத்தான் முடிந்தது, ரத்துக்கு மொபைலில் போ என்றது. எண்ணை மாற்றப் போனால் பழைய எண்ணுக்கே ஓடிபி அனுப்புகிறேன் என்றது. ஆனாலும் திறந்திருக்கும் அந்த டிவிக்குப் பெரிய மதிப்பு உண்டு. கணக்குப் பக்கத்தில் பிளான் பெயர், அடுத்த கட்டணத் தேதி, பதிவு எண்ணின் கடைசி இலக்கங்கள், கணக்கு ஐடி எல்லாம் இருந்தன. அவற்றைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். இந்த மாதிரி நேரத்தில் யாராவது ஆர்வக்கோளாறில் "லாக் அவுட் பண்ணிட்டு மறுபடி உள்ள போய்ப் பாப்போம்" என்பார்கள். ரிமோட்டை அவர்களிடமிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது.

சரி, இனி பணம். ஆப்புக்கு நம்மை எண்ணால் மட்டும்தான் தெரியும். பேங்குக்கு நம்மை வேறு விதத்தில் தெரியும். கார்டு சித்தப்பாவுடையது, கணக்கு அவருடையது, பேங்கில் பதிந்த எண்ணும் அவருடையது. கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க ஆப்புக்கு நாம் கொடுத்த அனுமதிக்கு இ-மேண்டேட் என்று பெயர். அந்த அனுமதியைத் திரும்பப் பெற ஆப்புக்குள் போக வேண்டியதே இல்லை. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி மேண்டேட்டை எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்ள, கார்டு கொடுத்த பேங்கே ஆன்லைனில் வசதி தர வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே பேங்க் தகவல் அனுப்ப வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி, எதற்கு என்பதெல்லாம் அதில் இருக்கும், வேண்டாம் என்று விலகவும் வழி இருக்கும். சித்தப்பாவின் போனில் தேடினால் ஒவ்வொரு மாதமும் அந்த எஸ்எம்எஸ் வந்து படிக்காமலேயே கிடந்தது. "இங்கிலீஷ்ல நீளமா வந்தா லோன் வேணுமான்னு கேக்குறவன்தான் கண்ணு" என்றார். 15,000 ரூபாய் வரையிலான இந்த மாதிரிப் பணத்துக்கு ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்க மாட்டார்கள். முதல் தடவை மேண்டேட் போடும்போது கேட்பதோடு சரி. அதனால் அந்த எஸ்எம்எஸ்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே மணியோசை.

ஆகவே முதலில் உறுதிசெய்ய வேண்டியது, பேங்கில் பதிந்த எண் இப்போது நம் கையில் இருக்கும் எண்தானா என்பதை. சித்தப்பாவுக்கு அது சரியாக இருந்தது. பேங்க் எண்ணும் பழையதாகவே இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம், நேரே கிளைக்கு பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு போய் எண்ணை மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். சந்தா பணம் சின்ன விஷயம். பேங்க் ஓடிபி யாரோ ஒருவருடைய போனுக்குப் போவதுதான் பெரிய விஷயம்.

சித்தப்பாவின் பேங்க் இணையதளத்தில் டெபிட் கார்டு பகுதியில் மேண்டேட்களைப் பார்க்க ஒரு பக்கம் இருந்தது. கார்டு விவரம் போட்டு, அவர் போனுக்கு வந்த ஓடிபியைப் போட்டதும் பட்டியல் வந்தது. வீடியோ ஆப்பின் பெயர், தொகை, அடுத்த தேதி, ஒரு மேண்டேட் எண். உடனே ரத்தை அழுத்தாமல் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன். ரத்து செய்த பிறகு அந்த விவரம் பட்டியலில் இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆப் கம்பெனிக்கு எழுதும்போது அதுதான் ஆதாரம். பிறகு ரத்து செய்தோம், மறுபடி ஒரு ஓடிபி, உறுதி எஸ்எம்எஸ் வந்தது. அடுத்த கட்டணத் தேதிக்கு ஒரு வாரமாவது முன்னால் இதை முடித்துவிடுவது நல்லது. முந்தின நாள் இரவில் உட்கார்ந்து செய்தால் அந்த மாதப் பணம் தப்புமா என்பது அதிர்ஷ்டம்தான்.

கிளையில் கேட்டபோது கவுன்டரில் இருந்தவர் கார்டையே பிளாக் செய்துவிடச் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மலைமேல் இருக்கும் மனுஷருக்கு அந்தக் கார்டுதான் ஏடிஎம் பணம். 299 ரூபாய்க்காகப் புதுக் கார்டு தபாலில் வரும்வரை அவரைக் காக்க வைப்பதில் அர்த்தமில்லை. மேண்டேட்டை மட்டும் எடுக்க வழி இருக்கும்போது அதை எடுப்பதே போதும்.

கார்டு இல்லாமல் யுபிஐ ஆட்டோபேயில் போகும் பணம் என்றால், எந்த ஆப்பில் அந்த அனுமதியைக் கொடுத்தோமோ அதில் தேட வேண்டும். போனில் இரண்டு மூன்று யுபிஐ ஆப் வைத்திருப்பவர்களுக்கு எதில் கொடுத்தோம் என்பதே மறந்திருக்கும். மேண்டேட் எண் கடைசியில் @ போட்டு முடியும், அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். @ybl, @ibl, @axl என்றால் போன்பே. @okaxis, @oksbi, @okhdfcbank, @okicici என்றால் கூகுள் பே. அந்த ஆப்பில் Autopay பகுதிக்குப் போய் ரத்து செய்து யுபிஐ பின் போட வேண்டும். Pause என்றும் ஒன்று இருக்கும், அது கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்பது மட்டும்தான்.

ஸ்டேட்மென்டில் ஆப்பின் பெயருக்குப் பதிலாக கூகுள் பிளே என்றோ ஆப்பிள் என்றோ இருந்தால் இன்னும் எளிது. சந்தா அந்த ஆப்பின் கணக்கில் இல்லை, உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் இருக்கிறது. ஆப்பின் பதிவு எண் போனாலும் கவலையில்லை. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு Payments & subscriptions போனால் ரத்து செய்துவிடலாம். ஆப்பை மட்டும் போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது.

பணம் நின்றதோடு விட்டுவிடலாமா என்று சித்தப்பா கேட்டார். மாதாமாதம் முன்கூட்டிக் கட்டும் வீடியோ சந்தாவுக்கு அநேகமாக விட்டுவிடலாம். பணம் வரவில்லை என்றால் பிளான் தானாக நின்றுபோகும். ஆனால் வருடத்துக்கு ஒப்புக்கொண்டு மாதத் தவணையில் கட்டும் சாஃப்ட்வேர் சந்தாக்களிலும், பயன்படுத்திய பிறகு பில் வரும் போஸ்ட்பெய்டு, பிராட்பேண்ட் போன்றவற்றிலும் பேங்கில் நிறுத்துவது ரத்து ஆகாது. அங்கே பாக்கி ஏறும். அவற்றில் கம்பெனியிடமிருந்து எழுத்தில் ரத்து வாங்கியே ஆக வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்தக் கணக்கில் தம்பியின் பெயரும் சித்தப்பாவின் கார்டும் கிடக்க, வேறொருவர் உள்ளே போய் வந்துகொண்டிருந்தார். அதனால் மூடச் சொல்லி எழுதினோம்.

எழுதும் முகவரியை ஆப்புக்குள்ளிருந்தோ கம்பெனியின் சொந்த இணையதளத்திலிருந்தோதான் எடுக்க வேண்டும். கூகுளில் கஸ்டமர் கேர் எண் என்று தேடினால் மேலே வருவதில் போலிகள் கலந்திருக்கும். அவர்கள் ரத்து செய்து தருகிறேன் என்று போனில் ஒரு ஆப்பை ஏற்றச் சொல்வார்கள், அதோடு கணக்கு காலி. அப்படி ஏதாவது நடந்துவிட்டால் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும்.

கணக்குத் திறந்தவன் என்பதால் தம்பி கனடாவிலிருந்து தன் இப்போதைய மெயிலில் எழுதினான். அதில் இருந்தது இவ்வளவுதான்: இந்த எண்ணில் என் கணக்கு இருந்தது, எண் இப்போது என்னிடம் இல்லை, மெயிலும் இல்லை, அந்த எண் வேறொருவரிடம் போய்விட்டது, கடைசி மூன்று கட்டணங்களின் தேதியும் தொகையும் இவை, கார்டின் கடைசி நான்கு எண்கள் இவை, மேண்டேட் எண் இது, சந்தாவை ரத்து செய்து கணக்கை மூடி எழுத்தில் உறுதி தரவும். கூடவே டிவித் திரையின் போட்டோவும், அந்த வரிகள் தவிர மற்றதை மறைத்த ஸ்டேட்மென்ட் பக்கமும். கார்டின் முழு எண்ணையும் பின்னால் உள்ள மூன்று இலக்கத்தையும் எந்தக் கம்பெனி கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அடையாளம் காட்ட இதுவே போதும், ஏனென்றால் எண்ணை இப்போது வைத்திருப்பவருக்கு இந்த விவரங்கள் தெரியாது.

முதலில் வந்த பதில், பதிவு செய்த மெயிலிலிருந்து எழுதுங்கள் என்றது. எழுதியதைப் படிக்காமலே வரும் பதில் அது. அதோடு சண்டை போடாமல், விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருக்கும் குறைதீர்ப்பு அலுவலரின் முகவரிக்கு அதே மெயிலை அனுப்பச் சொன்னேன். 2020-ன் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ரத்து செய்வதை வேண்டுமென்றே சிக்கலாக்கி வைப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சந்தாப் பொறி என்ற பெயரில் தடை செய்திருப்பதையும் ஒரு வரியில் சேர்த்தோம். அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போவதாக இருந்தோம், தேவைப்படவில்லை. ஆள் ஒருவர் படித்து, கட்டண விவரத்தைச் சரிபார்த்து, கணக்கை மூடிவிட்டதாகப் பதில் அனுப்பினார்.

பார்க்காத மாதங்களுக்குப் பணம் திரும்பக் கேட்டதற்கு மட்டும் மறுத்துவிட்டார்கள். கணக்கு தொடர்ந்து பயன்பாட்டில் இருந்ததாம். பார்த்தது நாங்கள் இல்லை என்று தம்பி எழுதினான், எண் போனதைத் தெரிவிக்காதது உங்கள் பொறுப்பு என்றார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது. எண் கைமாறியதைக் கவனிக்காமல் பழைய பிளானை அப்படியே புது ஆளுக்குத் திறந்துவிட்டது யார் பொறுப்பு என்ற மீதிப் பாதிக்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. பேங்கிலும் அதைக் கேட்க முடியாது, மேண்டேட் உயிரோடு இருந்தபோது போன பணம் அது. ரத்து செய்த பிறகும் பணம் போயிருந்தால்தான் பேங்கில் எழுதிக் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் அந்தத் தேதியைத் தேடிப் பார்த்தேன், எதுவும் போகவில்லை.

தம்பியிடம் இப்போது ஒரு பட்டியல் கேட்டிருக்கிறேன், அந்தப் பழைய எண்ணைக் கொடுத்துத் திறந்த மற்றக் கணக்குகளெல்லாம் என்னென்ன என்று. வருமான வரித் தளத்திலும் அதே எண்தான் இருக்கிறது என்று நேற்று எழுதியிருந்தான்.